சிரித்த முகமும் வீட்டு வாடகையும்



சந்தையில் காய் வாங்கும்போது காயையும் பார்ப்போம், விற்கிறவங்க முகத்தையும் பார்ப்போம். இணையத்தில் ஆள் எதிரே இல்லை. முகத்துக்குப் பதிலாக நிற்பது போட்டோதான்.

சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஏர்பிஎன்பி தளம் வழியாக வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். அந்த விளம்பரங்களை இஸ்ரேல் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். போட்டோவில் நம்பிக்கையான முகம் என்று மற்றவர்கள் மதிப்பிட்ட வீட்டுக்காரர்களுக்கு வாடகை கூடுதலாக இருந்தது. தங்கிப் போனவர்கள் போட்ட மதிப்பெண்ணால் வாடகை கூடவில்லை. ஏன்? ஏறக்குறைய எல்லா வீட்டுக்குமே நல்ல மதிப்பெண்! அப்போது வித்தியாசம் காட்ட முகம்தான் மிச்சம்.

சிரித்த முகத்தைப் பார்த்ததும், 'இவங்க ஏமாத்த மாட்டாங்க' என்று மனசு சொல்லிவிடுகிறது. ஆனால் அது ஊகம்தான், சாட்சி அல்ல. அடுத்தவர் போட்டோவைத் திருடிப் போடுகிறவர்களும் உண்டு.

ஆகவே விற்கும்போது நம்ம சொந்தப் போட்டோவையே போடுவோம். பகல் வெளிச்சத்தில், கண்ணும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி எடுப்போம். வாங்கும்போதோ, முகத்தை மட்டும் நம்பி முன்பணம் அனுப்ப வேண்டாம். முன்பு வாங்கினவங்க எழுதியதைப் படித்து, பொருள் கைக்கு வந்தபிறகு பணம் கொடுப்போம்.