வழி கேட்கும் முன்...

உம்ராவுக்குப் புறப்படும் நம் சகோதர சகோதரிகள் வழி கேட்கும் முறையை ஊரிலேயே பழகிக்கொள்வது நல்லது. மக்காவில் யாரிடமும் முதலில் ஸலாம் சொல்வோம். பதில் ஸலாம் வந்து, முகம் நம் பக்கம் திரும்பிய பிறகு, ஆணிடம் ‘லவ் ஸமஹ்த்’, பெண்ணிடம் ‘லவ் ஸமஹ்தி’ என்போம். ‘தாங்கள் அனுமதித்தால்’ என்று பொருள். அடுத்துதான் இடம்: ‘ஃபேன் பாப் அல்மலிக் ஃபஹ்த்?’ ‘ஃபேன்’ என்றால் எங்கே. அது ஹிஜாஸ் மக்களின் பேச்சு. மதரஸாவில் ஓதிய ‘அய்ன’வும் அவர்களுக்குப் புரியும். அந்த வாசலின் எண் 79. உச்சரிப்புத் தடுமாறினால் எண்ணைத் தாளில் எழுதிக் காட்டலாம்.

வயதில் மூத்தவரை ‘யா அம்மீ’ என்று அழைக்கலாம். நம் வீட்டில் சாச்சா என்பது போல. மூத்த பெண்மணி என்றால் ‘யா காலா’. ‘யா வலத்’ மட்டும் வேண்டாம். ‘டேய் பையா’ என்பது போலத்தான் ஒலிக்கும். கடையில் நிற்கும் இளைஞரிடமும் சொல்லக் கூடாது.

பக்கத்தில் நிற்பவரும் நம்மைப் போல வெளியூர்க்காரராக இருக்கலாம். ஆகவே சீருடைப் பணியாளரிடம் கேட்பதே மேல். தொழுகையில் இருப்பவர் பதில் பேச முடியாது. ஸலாம் கொடுத்து முடிக்கும்வரை காத்திருப்போம்.