நிலையான கொதிநிலை தூய்மைக்குச் சான்றாகுமா?

எதைல் ஆல்ககால் 50 மி.லி., நீர் 50 மி.லி. ஆகியவற்றைக் குடுவையில் கலந்து, கொதி சீராக இருக்கும்பொருட்டுப் பீங்கான் துண்டுகள் சிலவற்றை இடுக. கண்ணாடி மணிகள் நிரப்பிய பின்னக் கம்பத்தையும் குளிர்விப்பானையும் பொருத்துக. ஆல்ககால் ஆவி எளிதில் தீப்பற்றுமாதலின், திறந்த சுடரை விலக்கி மின்னடுப்பால் மெதுவாகச் சூடேற்றுதல் வேண்டும்.

கம்பத்தில் ஏறும் ஆவி பன்முறை குளிர்ந்து மீண்டும் ஆவியாகிறது. ஒவ்வொரு முறையும் அதில் ஆல்ககாலின் விகிதம் உயர்கிறது. எனவே கடல்மட்ட அழுத்தத்தில் முதற்பகுதி 78°–80° செ. வீச்சில் வடியும். பின்னர் வெப்பமானி விரைந்து 100°-ஐ நோக்கி ஏறும். 80°-இல் ஏற்கும் கலத்தை மாற்றிவிடுக. தொடக்கத்திலிருந்தே வெப்பநிலை இடைவிடாது ஏறினால், சூடேற்றுதல் மிகையென அறிக.

முதற்பகுதி நிலையாகக் கொதிப்பினும் தூய ஆல்ககால் அன்று. எடையில் 95.6 விழுக்காடு ஆல்ககாலும் 4.4 விழுக்காடு நீரும் கொண்ட கலவை 78.2°-இல் மாறாது கொதிக்கும். தூய ஆல்ககாலோ 78.3°-இல் கொதிக்கும். இச்சிறு வேறுபாட்டைச் சாதாரண வெப்பமானி காட்டாது. மீண்டும் மீண்டும் வடித்தாலும் இந்நீர் பிரியாது.

ஆதலின் வேறு சோதனை வேண்டும். வறுத்து வெண்மையாக்கிய மயில்துத்தத்தைச் சிறிது இட்டால், நீர் இருப்பின் அது நீலமாகும். 20°-இல் அக்கலவையின் அடர்த்தி மி.லி.க்கு ஏறத்தாழ 0.803 கிராம், தூய ஆல்ககாலின் அடர்த்தி 0.789 கிராம். எஞ்சிய நீரை நீக்கச் சுட்ட சுண்ணாம்புடன் சில மணி நேரம் மீள்கொதிக்கவைத்து, பின் வடித்தல் வேண்டும்.

குறுகிய கொதிநிலை வீச்சு தூய பொருளுக்கு இன்றியமையாதது. எனினும் அது மட்டுமே தூய்மையை நிறுவாது.