வெந்நீர்க் காயம்: சீட்டுக் குறிப்பு படமாகும்போது

நெல் அவிக்கும் அண்டா சரிந்து, ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டியூட்டி நர்ஸின் துண்டுச் சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: 'காலை 8 மணி. 50 கிலோ. வலது கால் முழுக்க, இடது கால் முன்பக்கம், இடது கை சிவப்பு.'

முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு உடல் படம் வரைந்து நிழலிடுங்கள். ஒன்பதின் விதிப்படி பெரியவரின் ஒரு கால் 18 சதவீதம்; முன்பக்கம் மட்டும் என்றால் 9. மொத்தம் 27. கொப்புளமில்லாத வெறும் சிவப்பைக் கூட்டக் கூடாது. கணக்கு ஊதிப்போவது பெரும்பாலும் அதனால்தான். (குழந்தைக்குத் தலை பெரிது, கால் சிறிது, இந்த விதி பொருந்தாது, லண்ட்-பிரவுடர் படம்தான் வேண்டும்.)

ஈரமும் வலியுமுள்ள கொப்புளத்துக்கு ஒரு நிறம். வெளுத்து, தொட்டால் உணர்வில்லாத ஆழப் புண்ணுக்கு வேறு நிறம். திரவக் கணக்கில் இரண்டும் சேரும். ஆழம் ஓரிரு நாளில் மாறக்கூடும், எனவே பார்த்த நேரத்தையும் எழுதுங்கள்.

ரிங்கர் லாக்டேட்: 2 மி.லி. × 50 × 27 = 2,700 மி.லி. பழைய பார்க்லண்ட் கணக்கு இதைப்போல இருமடங்கு. 2,700-இல் பாதி, அதாவது 1,350, முதல் 8 மணி நேரத்துக்கு. அந்த எட்டு மணி நேரம் வெந்நீர் பட்ட நொடியிலிருந்து ஓடுகிறது, வார்டுக்கு வந்ததிலிருந்து அல்ல. காலை 8 மணிக்கு வெந்நீர் பட்டு 10 மணிக்கு வந்தவருக்கு மிச்சம் 6 மணி நேரம்தான். ஆக மணிக்கு 225 மி.லி. பிறகு சிறுநீர்தான் வழிகாட்டி: மணிக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் மருத்துவர் வேகத்தைக் கூட்டுவார், 50-ஐத் தாண்டினால் குறைப்பார்.