ஒரு விண்ணப்பமும் எண்பது நொடிகளும்

நுழையும்முன்

திரைப்படம் முடிந்தபின் திரையில் மேலேறிச் செல்லும் பெயர்ப்பட்டியலைப் பலரும் இருந்து படிப்பதில்லை. ‘உதவிப் படத்தொகுப்பாளர்’ என்னும் சொல்லுக்குக் கீழே வரும் பெயர்களுள் ஒன்று, முன்னொரு நாளில் ஒரு மின்னஞ்சலின் அடியில் கையொப்பமாக இருந்திருக்கலாம். அத்தகைய மின்னஞ்சல் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதை ஒரு மாதிரியின் வழியே இப்பாடம் ஆராய்கிறது.

முதல் வரைவு

காட்சித் தொடர்பியல் பட்டம் முடித்த இளைஞர் ஒருவர், சென்னையிலுள்ள படத்தயாரிப்பு நிறுவனம் ஒன்றுக்கு எழுதுவதாகக் கொள்வோம். அந்நிறுவனம் ஆவணப்படத் தொடர் ஒன்றைத் தயாரித்து வருகிறது. அதற்கு உதவிப் படத்தொகுப்பாளர் தேவை. இளைஞரின் முதல் வரைவு இது:

“வணக்கம் சார். எனக்குச் சிறு வயதிலிருந்தே எடிட்டிங் மிகவும் பிடிக்கும். எனக்குப் பிரீமியர் புரோ, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ஃபோட்டோஷாப், டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் புரோ, அவிட் எல்லாம் நன்றாகத் தெரியும். என் ஷோரீலை இணைத்துள்ளேன். ஒரு வாய்ப்புக் கொடுங்கள் சார். எந்த வேலையும் செய்வேன்.”

இம்மடலில் பணிவு உண்டு. பிழையான சொல்லும் பெரிதாக இல்லை. எனினும் படிப்பவருக்கு இதிலிருந்து தெரியவருவது மிகக் குறைவு. ஆறு மென்பொருள்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைக் கொண்டாவது அவர் என்ன செய்தார் என்பது இல்லை. ‘எந்த வேலையும்’ என்பதிலிருந்து, அவர் விண்ணப்பிக்கும் வேலை எது என்பதை அவர் அறிந்திருக்கிறாரா என்ற ஐயமே எழுகிறது. ஆகவே அந்த வேலையை முதலில் அறிந்துகொள்வோம்.

உதவிப் படத்தொகுப்பாளர் செய்வது என்ன?

எந்தக் காட்சி எங்கே வெட்டப்பட வேண்டும் என்று முடிவு செய்பவர் படத்தொகுப்பாளர். அவர் அம்முடிவை எடுப்பதற்கு ஏற்றவாறு பொருள்களை ஆயத்தம் செய்து தருபவரே உதவியாளர். படப்பிடிப்புத் தளத்திலிருந்து வரும் கோப்புகளை வன்தட்டுகளில் இருபடியாகச் சேமிப்பது, நாள்வாரியாகவும் காட்சிவாரியாகவும் பெயரிட்டு அடுக்குவது, பெரிய கோப்புகளுக்குப் பதிலாகக் கணினி எளிதில் கையாளக்கூடிய ‘பிராக்சி’ என்னும் சிறிய நகல்களை உருவாக்குவது, தனியே பதிவான ஒலியைக் காட்சியோடு பொருத்துவது, தொகுப்பு முடிந்தபின் ஒலிக்கலவைக்கும் வண்ணச் சீரமைப்புக்கும் உரிய கோப்புகளைப் பிரித்து அனுப்புவது ஆகியன அவர் பணிகள்.

இவற்றுள் ஒலியைப் பொருத்தும் பணியைச் சற்று விரிவாகக் காண்போம். ஒருவர் மென்பொருளை உண்மையில் அறிந்திருக்கிறாரா என்பது வெளிப்படும் இடம் அது.

விலகும் ஒலி

படக்கருவி காட்சியைப் பதிவுசெய்யும்போது, தனியான ஒலிப்பதிவுக் கருவி குரலைப் பதிவு செய்கிறது. ‘கிளாப்’ பலகை தட்டப்படும் கணம் காட்சியிலும் தெரியும், ஒலியிலும் கேட்கும். அவ்விரண்டையும் ஒரே புள்ளியில் நிறுத்தினால் உதடும் குரலும் இணைந்துவிடும். ஆவணப்படப் பிடிப்பில் தொடக்கத்தில் தட்ட இயலாதபோது இறுதியில் தட்டுவர்; அப்போது பலகையைத் தலைகீழாகப் பிடிப்பது வழக்கம். தொகுப்பு மேசையில் இருப்பவருக்கு, ‘இது முடிவில் தட்டியது’ என்று சொல்லும் மௌனக் குறிப்பு அது.

நம் இளைஞர் கல்லூரி நாளில் சென்னிமலை நெசவாளர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்தில் பணியாற்றினார் என்று கொள்வோம். அதில் பத்து நிமிட நேர்காணல் ஒன்று இடையில் நிற்காமல் பதிவானது. தொடக்கத்திலும் முடிவிலும் கிளாப் தட்டப்பட்டது. தொடக்கத்தில் குரலும் உதடும் மிகச் சரியாகப் பொருந்தின. மூன்றாம் நிமிடத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. பத்தாம் நிமிடத்திலோ நெசவாளர் வாயை மூடியபின்னும் அவர் குரல் கேட்டது.

காரணம் இதுதான். படக்கருவி நொடிக்கு 23.976 சட்டகங்கள் என்ற வேகத்தில் பதிவு செய்திருந்தது. கணினியில் அக்கோப்புகளின் வேகம் 24 என்று யாரோ மாற்றிக் குறித்துவிட்டனர். வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் பத்து நிமிடம் என்பது 600 நொடி; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 0.6 நொடி. அதாவது, காட்சி ஏறத்தாழ 14 சட்டகங்கள் முந்திச் சென்று முடிந்துவிட்டது. ஒலியோ தன் இயல்பான வேகத்தில் பின்னால் வந்தது.

இதனைக் கண்டறிய எளிய வழி உண்டு. இரு கிளாப்புகளையும் பார்க்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு விலகியிருந்தால் ஒலித்துண்டை நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் பொருந்தி, முடிவில் விலகியிருந்தால் வேகக் குறிப்பில் பிழை உள்ளது என்று பொருள். அப்போது குறிப்பை 23.976 என்று திருத்திவிட்டால் இரண்டு முனைகளும் தாமே சேர்ந்துவிடும். சிலர் இதனை அறியாமல், ஒலியைப் பல துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக நகர்த்திச் சரிக்கட்டுவர். பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். ஒலிக்கலவைக்குச் சென்றபின், துண்டுகளுக்கு இடையே பின்னணி இரைச்சல் தாவித் தாவி ஒலிப்பதைக் கேட்டு, அங்குள்ளவர் தொலைபேசியை எடுப்பார்.

இப்போது முதல் வரைவைத் திரும்பப் பார்த்தால், ‘டாவின்சி ரிசால்வ் நன்றாகத் தெரியும்’ என்னும் தொடருக்கும், ‘ரிசால்வில் பத்து நிமிட நேர்காணலின் ஒலி விலகலைக் கண்டறிந்து சரிசெய்தேன்’ என்னும் தொடருக்கும் உள்ள இடைவெளி புலப்படும். மென்பொருளின் பெயர் தனித்து நிற்கும்போது அது வெறும் பெயரே. வினைச்சொல் ஒன்றோடு சேரும்போதுதான் அது சான்றாகிறது. அறியாத மென்பொருளை அறிந்ததாக எழுதுவதும் தவறு. நேர்முகத்தில் அமர்ந்த ஐந்தாம் நிமிடத்தில் அது தெரிந்துவிடும்.

எண்பது நொடிகள்

ஷோரீல் என்பது, தாம் தொகுத்தவற்றுள் சிறந்த பகுதிகளை எடுத்துக் கோத்த மாதிரித் தொகுப்பு. இளைஞரிடம் முதலில் இருந்தது நான்கரை நிமிட அளவிலானது. புகழ்பெற்ற திரைப்பாடல் ஒன்றின் தாளத்துக்கு ஏற்ப, நொடிக்கு இரண்டு வெட்டு வீதம் காட்சிகள் பறந்தன. தாளத்திற்கு வெட்டுவது கடினமான செயலன்று. ஆவணப்பட நிறுவனம் தேடுவதும் அதுவன்று. ஒருவர் பேசுவதை எங்கே நிறுத்தி, எதைக் காட்டி, மீண்டும் எப்போது முகத்துக்குத் திரும்புவது என்பதே அங்கு வேண்டப்படும் திறன். அதனைக் காட்ட, இடையறாத ஒரு காட்சியேனும் வேண்டும்.

ஆகவே அவர் தொகுப்பை எண்பது நொடியாகச் சுருக்கினார். நேர்காணல் பகுதி முப்பது நொடி; அதுவே முதலில். அடுத்து, குறும்படம் ஒன்றிலிருந்து இருவர் உரையாடும் காட்சி. இறுதியாக, தறியின் ஓசையை மட்டும் கொண்டு தொகுத்த இருபது நொடி. திரைப்பாடல் நீங்கியது. பயிற்சிக்காலத்தில் கைவைத்த விளம்பரம் ஒன்றின் ஆறு நொடிக் காட்சியும் நீங்கியது. அவ்விளம்பரம் இன்னும் வெளியாகவில்லை. பிறர் நம்பி ஒப்படைத்த காட்சியை வெளியாகும் முன்பே வெளியிடுபவரிடம், தம் காட்சிகளை எந்நிறுவனம் ஒப்படைக்கும்?

திறக்கும் கதவு

முழு உயர்தெளிவில், நொடிக்கு 10 மெகாபிட் வீதம் வெளியிடப்பட்ட எண்பது நொடிக் காணொலி 800 மெகாபிட், அதாவது 100 மெகாபைட் அளவினது. ஜிமெயிலில் இணைப்பின் உச்ச அளவு 25 மெகாபைட். எனவே கோப்பை இணைக்க இயலாது. இணையத்தில் ஏற்றி, அதன் முகவரியையே தர வேண்டும்.

இங்கேதான் பல விண்ணப்பங்கள் வீணாகின்றன. கூகுள் டிரைவில் ஏற்றியவர் பகிர்வு உரிமையை Anyone with the link என்று மாற்ற மறந்தால், திறப்பவர் காண்பது காணொலியை அன்று. Request access என்னும் பொத்தானையே. நாற்பது விண்ணப்பங்களைப் பார்க்க வேண்டியவர் அனுமதி கேட்டுக் காத்திருக்கமாட்டார். யூடியூபில் ஏற்றினால் Private என்று வைக்கலாகாது. Unlisted என்று வைக்க வேண்டும். ஏற்றியவர் கணினியில் எல்லாமே திறக்கும் என்பதால் அவருக்குப் பிழை தெரிவதில்லை. மறைநிலைச் சாளரத்திலும், தம் கணக்கு இல்லாத வேறொரு கைப்பேசியிலும் திறந்து பார்ப்பதே சோதனை.

திருத்திய மடல்

பொருள்: உதவிப் படத்தொகுப்பாளர் பணி – மாதிரித் தொகுப்பு (1 நிமிடம் 20 நொடி)

மதிப்பிற்குரிய பின்தயாரிப்புப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஆவணப்படத் தொடருக்கு உதவிப் படத்தொகுப்பாளர் தேவை என்னும் அறிவிப்பைக் கண்டு எழுதுகிறேன். என் மாதிரித் தொகுப்பின் இணைப்பு:

(இணைய முகவரி)

0:00 – 0:30 நெசவாளர் நேர்காணல். தொகுப்பும் ஒலிப்பொருத்தமும் நான் செய்தவை. ஒளிப்பதிவு என் வகுப்புத் தோழருடையது.
0:30 – 1:00 குறும்பட உரையாடல். தொகுப்பு மட்டும் என்னுடையது.
1:00 – 1:20 தறிக்காட்சி. தொகுப்பும் ஒலியமைப்பும் என்னுடையவை.

நேர்காணலை டாவின்சி ரிசால்வில் தொகுத்தேன். பதிவுவேகக் குறிப்பில் நேர்ந்த பிழையால் விலகிய ஒலியைக் கண்டறிந்து சரிசெய்தேன். குறும்படத்தைப் பிரீமியர் புரோவில் பிராக்சி நகல்களைக் கொண்டு தொகுத்து, ஒலிக்கலவைக்கு ஏ.ஏ.எஃப். கோப்பாக அனுப்பினேன். அவிட் மீடியா கம்போசரில் அடிப்படைப் பயிற்சி மட்டுமே உண்டு.

தாங்கள் தரும் காட்சிகளைக் கொண்டு, தங்கள் அலுவலகத்திலேயே ஒரு நாள் பணியாற்றிக் காட்ட ஆயத்தமாக உள்ளேன்.

தங்கள் உண்மையுள்ள,
அ அ அ அ அ
(கைப்பேசி எண்)

‘அடிப்படைப் பயிற்சி மட்டுமே’ என்னும் சொற்களை நீக்கிவிடலாமா என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். நீக்கலாகாது. அந்த ஒரு தொடரே, அதற்கு முன்னுள்ள வரிகளையும் நம்பச் செய்கிறது.

கற்பவை கற்றபின்…

1. நொடிக்கு 24 சட்டகங்களாகப் பதிவான ஒரு நிமிடக் காட்சி, 25 என்று தவறாகக் குறிக்கப்பட்டால் எத்தனை நொடியில் ஓடி முடியும்? கணக்கிட்டு, ஒலி எவ்வளவு விலகும் என எழுதுக.

2. முதல் வரைவில் உள்ள ஆறு மென்பொருள்களுள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, அதனைக் கொண்டு செய்த பணி விளங்குமாறு ஒரே தொடரில் அமைக்க.