காலை வெயிலில் காட்டலாமா?

கேள்வி: திருமலையில் குடியிருக்கிறோம். என் மகளுக்குத் திருப்பதியில் 35 வாரத்திலேயே பிரசவமாகி, 1,900 கிராம் எடையில் பெண் குழந்தை பிறந்தது. அப்கார் மதிப்பெண் முதல் நிமிடம் 6, ஐந்தாம் நிமிடம் 9 என்று சீட்டில் இருக்கிறது. இன்று நான்காம் நாள். முகமும் நெஞ்சும் மஞ்சளாகத் தெரிகின்றன. பால் குடிக்கும்போதே தூங்கிவிடுகிறாள். காலை வெயிலில் காட்டினால் சரியாகுமா? எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாமா?

பதில்: அம்மா, அந்த 6-ஐ நினைத்துக் கலங்காதீர்கள். நாடித்துடிப்பு, மூச்சு, நிறம், தசையின் முறுக்கு, தொட்டால் சிணுங்குவது என ஐந்துக்கும் இரண்டிரண்டு மதிப்பெண். பிறந்த நிமிடத்தில் குழந்தை எப்படி இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். ஐந்தாம் நிமிடத்தில் 9 வந்துவிட்டது. பின்னாளில் அறிவு எப்படியிருக்கும் என்பதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது, பால் குடிக்கும்போதே தூங்குகிறாள் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் பெரும்பாலும் மலத்தோடு வெளியேற வேண்டும். பால் குறைந்தால் மலம் குறையும், குடலில் தங்கிய பிலிருபின் திரும்பவும் ரத்தத்தில் ஏறும். குளிர் பட்டால் சின்ன உடம்பு இருக்கிற சக்தியையெல்லாம் சூட்டுக்கே செலவழித்துவிடும், உறிஞ்சத் தெம்பிருக்காது. அதனால்தான் வெயிலில் துணி அவிழ்த்துக் கிடத்த வேண்டாம் என்கிறேன். மலைக்காற்றில் குழந்தை சில்லிட்டுப் போகும்.

வெயில் வைத்தியம் ஒரேயடியாகப் பொய்யும் இல்லை. 1956-இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், வெளியே வெயிலில் வைத்திருந்த குழந்தையின் உடம்பில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றதை வார்ட் என்ற செவிலியர் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் மருத்துவமனையின் நீல விளக்குச் சிகிச்சை. அதன் வீரியம் அளந்து கொடுக்கப்படுகிறது. வெயிலை அப்படி அளக்க முடியாது.

இன்றே மலையிறங்கி ரத்தத்தில் பிலிருபின் பாருங்கள். மாநிறத் தோலில் கண்ணை நம்ப முடியாது. குறைமாதக் குழந்தைக்கு மஞ்சள் ஐந்து முதல் ஏழாம் நாள் வரை ஏறலாம். தாய்க்கு ஓ வகை ரத்தமா, ஆர்எச் நெகட்டிவா என்ற சீட்டையும் கொண்டுபோங்கள். போகும்போது குழந்தையைத் துணியில் சுருட்டாமல், தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படும்படி, தலை ஒருபக்கம் திரும்பி மூக்கு மூடாதபடி, தவளைபோல் காலை விரித்துச் சேலையால் கட்டுங்கள். தலைக்குக் குல்லா, காலுக்குச் சாக்ஸ், இடுப்பில் நாப்கின் போதும். வீட்டிலும் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது, முடிந்தால் நாள் முழுக்க இப்படியே வைத்திருக்கலாம். மகள் அசரும்போது நீங்களோ அப்பாவோ வாங்கிக்கொள்ளலாம்.

புறங்கையை வயிற்றிலும் பாதத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. பாதம் மட்டும் சில்லென்றால் உடனே நெஞ்சில் போடுங்கள். வயிறும் சில்லென்றால் நெஞ்சில் போட்டபடியே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

இரண்டு மணிக்கொரு தரம் எழுப்பிப் பால் கொடுங்கள். உறிஞ்சாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டுங்கள். எண்ணெய்க் குளியல் இப்போது வேண்டாம். எடை இரண்டரைக் கிலோவை எட்டும்வரை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

உள்ளங்கையோ உள்ளங்காலோ மஞ்சளித்தாலும், எழுப்பியும் பால் குடிக்காவிட்டாலும், கீச்சென்று அழுதாலும், முதுகை வில்லாக வளைத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் 108-ஐ அழையுங்கள்.