இருபத்து நான்கு லட்சமும் இருபத்தைந்து லிட்டர் பாலும்

அன்புள்ள வாசகருக்கு,

தள்ளுவண்டியில் இட்லி விற்கும் உங்கள் அம்மாவுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்ற வரியைப் படித்ததும் எங்கள் அப்பா ஞாபகம்தான் வந்தது. உங்களுக்கு எழுதும் பதில் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அப்பாவுக்கு ஒரு டீக்கடை. சுற்றிலும் தறி வீடுகள். காலையில் தெருவில் பாவு நீட்டுகிறவர்கள்தான் முதல் போணி. பிறகு தறியை விட்டு எழ முடியாதவர்களுக்குத் தூக்கில் டீ போகும். ஒரு மதியம் அப்பா பதிவுத் தபால் உறையை என்னிடம் நீட்டி, "என்னம்மா இது, கடையை மூடச் சொல்றாங்களா?" என்றார். நான் பி.காம். முடித்திருந்தேனே தவிர, அதற்கு முன் ஒரு வரி நோட்டீஸைக் கையில் தொட்டதில்லை.

முதலில் அது உண்மையான நோட்டீஸ்தானா என்று பார்த்தேன். நோட்டீஸில் ஒரு குறிப்பு எண் இருக்கும். `gst.gov.in` தளத்தில் உள்நுழையாமலே `Services`, `User Services`, `Verify RFN` என்று போய் அதைச் சரிபார்க்கலாம். இந்த அச்சத்தை வைத்துப் பணம் பறிக்கும் போலிகளும் உண்டு என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். எங்களுடையது உண்மையானதுதான்.

பிறகு நிதானமாகப் படித்தேன். மேலே ஏ.எஸ்.எம்.டி.-14 என்று படிவ எண், கீழே பிரிவு 63. பதிவு செய்யக் கடமை இருந்தும் செய்யாதவர் மீது அதிகாரி தானே வரியைக் கணித்துக்கொள்ளும் பிரிவு அது. 2023-24இல் அப்பாவின் யுபிஐ கணக்கில் 24,18,000 ரூபாய் வரவு, அதற்கு 5 சதவீதம் 1,20,900 ரூபாய் வரி, தவிர வட்டியும் அபராதமும். ஏன் விதிக்கக் கூடாது என்று 15 நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். கேள்விதான் கேட்டிருந்தார்களே ஒழிய, இன்னும் தீர்ப்பு எழுதவில்லை. அதைச் சொன்ன பிறகுதான் அப்பா உட்கார்ந்தார்.

கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "40 லட்சம் வரைக்கும் பயமே இல்லை" என்றார் ஒருவர். அது சரக்கு மட்டும் விற்பவருக்கு. டீயோ இட்லியோ செய்து பரிமாறுவதைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சேவை என்கிறது. அதற்கு வரம்பு 20 லட்சம். உங்கள் அம்மாவுக்கும் இதேதான். இன்னொருவர் க்யூஆர் அட்டையைக் கழற்றச் சொன்னார். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் வணிகவரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, பல கடைகளில் 'ரொக்கம் மட்டும்' என்று பலகை தொங்கியது. போன வருட வரவு அதனால் அழியாது. சட்டம் பார்ப்பது மொத்த விற்பனையை. ரொக்கத்தில் விற்றதும் அதில் சேர்ந்ததுதான். மூன்றாமவர் உடனே பதிவு செய்துவிடச் சொன்னார். வரம்புக்குள் இருப்பவர் பயந்துபோய்ப் பதிவு எடுத்தால், அன்றிலிருந்து முதல் ரூபாய்க்கே வரி, கூடவே தவறாமல் ரிட்டர்ன் போடும் வேலை.

வங்கி அறிக்கையை எடுத்து ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். சனிக்கிழமைதோறும் பெரிய தொகைகள் வந்திருந்தன. கேட்டதும் அப்பா கல்லாவுக்கு அடியிலிருந்து நீள நோட்டை எடுத்தார். தறி முதலாளிகள் இரண்டு பேர், போனில் பணம் வாங்கத் தெரியாத ஏழு நெசவாளர்களின் வாரக் கூலியை அப்பாவுக்கு அனுப்புவார்கள். அவர் அதை ரொக்கமாகக் கொடுப்பார். வாரம் 21,000, வருடத்துக்கு 10,92,000. அப்பா அதில் ஒரு ரூபாய்கூட எடுத்ததில்லை. எடுத்திருந்தால் அந்தக் கமிஷன் அவருடைய வருமானமாகக் கணக்கில் ஏறியிருக்கும். இது தவிரச் சீட்டு எடுத்த பணம் 2,00,000. ஒரகடத்தில் வேலை செய்யும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பியது 1,44,000. மூன்றும் சேர்ந்து 14,36,000. மிச்சம் 9,82,000 தான் ஜிபேயில் விற்ற விற்பனை.

இதோடு நிறுத்திக்கொண்டால் நம் பதிலில் ஓட்டை விழுந்துவிடும். ரொக்க விற்பனை எவ்வளவு என்று அதிகாரி கேட்பார், கேட்கவும் வேண்டும். எங்களிடம் தினசரிக் கணக்கு இல்லை. பால்காரரின் மாதச் சீட்டுகள் இருந்தன: நாளுக்கு 25 லிட்டர். ஒரு லிட்டருக்கு எத்தனை டீ என்று அப்பாவைக் கேட்காமல், ஒரு காலை பாய்லர் பக்கத்தில் நின்று நானே எண்ணினேன். 13 கிளாஸ். ஆக 325 டீ, அந்த வருடம் ஒன்று 10 ரூபாய், 3,250. வடை, பஜ்ஜி, பிஸ்கட் 950. நாளுக்கு 4,200, கடை திறந்த 340 நாளுக்கு 14,28,000. ஜிபேயில் வந்ததைக் கழித்தால் ரொக்கம் 4,46,000. எப்படிக் கூட்டினாலும் 20 லட்சத்தைத் தொடவில்லை.

கடையில் சிகரெட் இல்லாததும் நல்லதாகப் போயிற்று. வரம்புக்குப் பார்ப்பது லாபத்தை அல்ல, விற்ற தொகையை. ஒரு பாக்கெட்டில் சில ரூபாய்தான் நிற்கும், ஆனால் முழு விலையும் கூட்டலில் ஏறும். உங்கள் அம்மா தண்ணீர் பாட்டிலும் விற்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிலைத் தமிழிலேயே எழுதினேன். கெஞ்சவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. முக்கியமான பகுதி இது:

"தாங்கள் குறிப்பிடும் 24,18,000 ரூபாய் என் வங்கிக் கணக்கில் வந்த வரவு, அவ்வளவும் என் விற்பனை அல்ல. பிரித்த கணக்கு இணைப்பு 1இல். ரொக்கம் உட்பட என் மொத்த விற்பனை 14,28,000 ரூபாய். பால் சீட்டுகளும் அதிலிருந்து கணக்கிட்ட விதமும் இணைப்பு 2இல். பிரிவு 22இன்படி பதிவு செய்யும் கடமை எனக்கு எழாததால் பிரிவு 63 பொருந்தாது. தாங்கள் ஆதாரமாகக் கொண்ட பணப் பரிமாற்றப் பட்டியலின் நகல் வேண்டும். எனக்குப் பாதகமான முடிவு எடுக்க எண்ணினால், பிரிவு 75(4)இன்படி நேரில் விளக்க வாய்ப்புத் தர வேண்டுகிறேன்."

பன்னிரண்டாம் நாள் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். நேரில் அழைத்தபோது அதிகாரி பால் கணக்கைக் கடைசி வரை பார்த்தார். கூலிப் பணத்துக்கு அப்பாவின் நோட்டு மட்டும் போதாது, அனுப்பிய முதலாளிகளின் கடிதமும் வேண்டும் என்றார். ஒருவர் அன்றே எழுதிக் கொடுத்தார். மற்றவர் தன் பெயர் வரிக் காகிதத்தில் வருவதற்குத் தயங்கினார். அப்பா மூன்று முறை போய்ப் பேசித்தான் வாங்கினார். உங்கள் அம்மா கணக்கிலும் இப்படி வெளியார் பணம் இருந்தால், கெடு நெருங்கும்வரை காத்திராமல் அனுப்பியவரிடம் இன்றே கேளுங்கள். கடிதங்களைக் கொடுத்துவிட்டோம், உத்தரவு இன்னும் வரவில்லை.

கூலிப் பணத்துக்கு இப்போது தனி வங்கிக் கணக்கு. மாதக் கடைசியில் விற்பனையைக் கூட்டிப் பார்க்கிறேன். டீ 12 ரூபாய் ஆகிவிட்டது; அதே பாலுக்கும் அதே வடைக்கும் இந்த வருடம் 16,49,000 வரும். 20 லட்சத்தைத் தாண்டினால் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தாண்டும்போது அதையும் நான்தான் செய்வேன்.

சனிக்கிழமைக் கூலியை நிறுத்திவிடலாமா என்று அப்பாவைக் கேட்டேன். "அவங்க எங்கம்மா போவாங்க?" என்றார். இப்போது வாங்குகிற ஒவ்வொருவரும் நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். எழுதத் தெரியாத பெரியவர் ஒருவர் ரேகை வைக்கிறார். பட்டுநூல் இழுத்து இழுத்து அவர் கட்டை விரலில் ரேகை தேய்ந்திருக்கிறது. இரண்டு முறை அழுத்தினால்தான் தாளில் பதிகிறது.

அன்புடன்,
டீக்கடைக்காரர் மகள்,
பிள்ளையார்பாளையம்