"மச்சான், ஒரு சின்ன உதவி": கைமாத்து எப்போ கையெழுத்தா மாறுது?

"நண்பனுக்குக் கடன் கொடுக்கலாமா?"ங்கிறது நாம வழக்கமா கேக்குற கேள்வி. ஆனா நண்பன் ஒரேயடியா ஒன்றரை லட்சம் கேட்டா நம்மில் பலரும் யோசிச்சுத்தான் பதில் சொல்லுவோம். இருநூறு ரூபாயில ஆரம்பிச்சா யாரும் யோசிக்கிறதில்ல.

ஒரு உதாரணம் பார்ப்போம். நீங்க செஞ்சியில கடை வச்சிருக்கீங்க. பனமலையில இருந்து உங்க பள்ளிக்கூட நண்பன் அடிக்கடி வர்றார்.

ஜனவரியில பெட்ரோலுக்கு 200 ரூபாய் கேக்கிறார், மறுநாளே திரும்பி வருது. பிப்ரவரியில 2,000. ஒரு வாரம்னு சொன்னது பத்தாம் நாள் வருது. ஏப்ரல்ல 5,000. மாசக் கடைசியில தர்றேன்னு சொல்லி, ரெண்டு மாசம் கழிச்சு 2,000 மட்டும் தர்றார், பாக்கி 3,000. அந்த பாக்கி நிக்கும்போதே, "எனக்கு இஎம்ஐ கிடைக்கல மச்சான், உன் பேர்ல போன் எடுத்துக் குடு"ன்னு வர்றார். போன் 18,000, மாசம் 1,500 வீதம் 12 தவணை. நாலு தவணை கட்டிட்டு நிறுத்திடறார். மீதி எட்டு தவணை, 12,000 ரூபாய் உங்க தலையில. அதுக்கப்புறம் அடுத்தது: "ஒன்றரை லட்சம் லோன், ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு."

200-ல இருந்து 1,50,000 வரைக்கும் 750 மடங்கு. ஆனா ஒவ்வொரு படியிலும் "முன்னாடி செஞ்சோமே, இதுக்கு எப்படி முடியாதுன்னு சொல்றது?"ன்னுதான் தோணும்.

இது உங்க பலவீனம் மட்டும் இல்ல. 1966-ல ஃப்ரீட்மேன், ஃப்ரேசர்னு ரெண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. வீட்டுப் பொருட்களைக் கணக்கெடுக்க அஞ்சாறு ஆட்கள் ரெண்டு மணி நேரம் உங்க வீட்டுக்குள்ள வரலாமான்னு இல்லத்தரசிகள்கிட்ட போன்ல கேட்டாங்க. நேரடியா கேட்டப்ப சுமார் 22% பேர்தான் சரின்னாங்க. மூணு நாள் முன்னாடி சோப்பு பத்தி எட்டு சின்னக் கேள்விக்குப் பதில் சொன்னவங்கள்ல சுமார் 53% பேர் சரின்னாங்க. முதல் சின்ன உதவி, "நான் உதவுற ஆள்"ங்கிற எண்ணத்தை நமக்குள்ள உண்டாக்கிடுதுன்னு அவங்க விளக்கினாங்க.

சரி, கேக்கறது எப்போ பயன்படுத்திக்கிறதா மாறுது? தொகையை விட ரெண்டு விஷயத்தைப் பாருங்க.

ஒண்ணு: பழையது முடியறதுக்கு முன்னாடி புதுசு வருதா? 2,000 பத்து நாள்ல வந்தது வெறும் தாமதம். 3,000 பாக்கி நிக்கும்போதே, அதைப் பத்திப் பேசாம போன் கேட்டாரே, திருப்பம் அங்கதான்.

ரெண்டு: பணத்துல இருந்து உங்க பேருக்கு மாறுதா? கைமாத்துல அதிகபட்ச நஷ்டம் நீங்க கொடுத்த தொகைதான். பேர்ல எடுத்த போன், ஜாமீன் கையெழுத்து இதெல்லாம் அப்படி இல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128 படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, கடன் வாங்கினவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவரை முதல்ல துரத்திட்டுத்தான் உங்ககிட்ட வரணும்னு கட்டாயம் இல்ல. உங்க சிபில் அறிக்கையிலயும் அது ஏறும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. ஆஸ்பத்திரி, வேலை போனதுன்னு உண்மையான கஷ்டத்துல இருக்கிறவரும் அடுத்தடுத்துக் கேப்பார். வித்தியாசம் நடத்தையில தெரியும். அவர் தவணைக்கு முன்னாடியே போன் பண்ணி "இந்த மாசம் முடியல"ன்னு சொல்லுவார், 500 கிடைச்சா 500 கொடுப்பார். பயன்படுத்திக்கிறவர் கிட்ட பாக்கியை நீங்கதான் ஞாபகப்படுத்தணும்.

அதனால ஒரு நோட்டு போடுங்க. நம்ம ஊர்ல மொய் நோட்டு எழுதறதுக்கு யாரும் வெக்கப்படறதில்லையே! தேதி, கேட்டது, சொன்ன நாள், வந்த நாள். நாலு வரி எழுதினாலே போக்கு தெரியும்.

இன்னும் சந்தேகமா இருந்தா, ஒரு தடவை இப்படிச் சொல்லிப் பாருங்க: "மச்சான், கையெழுத்து நான் யாருக்கும் போடறதில்ல. பழைய 15,000-ஐ மாசம் ஆயிரமா குடு, போதும்." நண்பர்னா சங்கடப்படுவார், ஆனா ஒத்துப்பார். "இவ்வளவு தானா நம்ம பழக்கம்?"னு பேச்சைத் திருப்பினா, பாக்கியைப் பத்தி அவர் ஒரு வார்த்தை சொன்னாரான்னு கவனிங்க. சொல்லலைன்னா, நோட்டுல அந்தக் கணக்கை அதோட மூடுங்க.

அந்த 15,000 முழுசா வராமலே போகலாம். ஒன்றரை லட்சத்துக்கு அது எவ்வளவோ மேல்.